முதலில் அணைத்துவிட்டு, பிறகு பேரம் பேசுங்கள்: கிளவுட் பில்லைக் குறைக்கும் வரிசை

ஒரு சிறிய நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்க்க நாமே உருவாக்கிக்கொள்ளும் எடுத்துக்காட்டுதான் இது. திருமணப் புகைப்படக்காரர்கள் முகூர்த்தம் முடிந்த அன்றிரவே படங்களை இந்த நிறுவனத்தின் தளத்தில் ஏற்றுகிறார்கள். இரவோடு இரவாக அவை பல அளவுகளில் மாற்றப்பட்டு, மறுநாள் உறவினர்களின் கைப்பேசிகளுக்கு இணைப்பாகப் போய்ச் சேர்கின்றன. ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் நிறுவனம். சொந்தமாகச் சர்வர் வாங்கவில்லை. அமேசானின் மும்பை மையத்தில் பத்து கணினிகளை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பத்தில் நான்கு கணினிகள் வலைத்தளத்தை நடத்துகின்றன. ஒன்றில் டேட்டாபேஸ் இருக்கிறது. இரண்டு, புரோகிராமர்கள் சோதித்துப் பார்ப்பதற்கு. மீதி மூன்றும் படங்களைப் பதப்படுத்துபவை. கணக்கு எளிதாக இருக்க, எல்லாம் ஒரே அளவு, ஒவ்வொன்றின் வாடகையும் மணிக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்குச் சராசரியாக 730 மணி நேரம். ஒரு கணினிக்கு 7,300 ரூபாய். பத்துக்கும் சேர்த்து 73,000 ரூபாய். வருடத்துக்கு எட்டே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிடும். சிறு நிறுவனத்துக்கு இது ஒரு ஊழியரின் சம்பளம்.

இதைக் குறைக்க மூன்று வழிகளில் வாடகை பேசலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவற்றில் எது மலிவு என்று கேட்பதைவிட, எதை முதலில் செய்வது என்று கேட்பது முக்கியம். வரிசை மாறினால் சேமிப்பில் பெரும்பகுதி கைநழுவிப் போகும்.

மூன்று விலைகள், ஒரே கணினி

முதல் வழி ஆன்-டிமாண்ட். வேண்டும்போது எடுக்கலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம். லினக்ஸ் கணினி என்றால் 2017 அக்டோபரிலிருந்து நொடிக்கணக்கில் கட்டணம். குறைந்தது ஒரு நிமிடத்துக்குக் கட்ட வேண்டும். சுதந்திரம் அதிகம், விலையும் அதிகம். நம் 10 ரூபாய் இந்த விலைதான்.

இரண்டாவது ரிசர்வ்டு. ஒரு வருடமோ மூன்று வருடமோ வாடகை தருவதாக ஒப்புக்கொண்டால் தள்ளுபடி கிடைக்கும். 2009இல் வந்த ஏற்பாடு இது. 2019இல் இதன் தளர்வான வடிவமாகச் சேவிங்ஸ் பிளான் வந்தது. “72% வரை” என்று விளம்பரத்தில் பார்ப்பது மூன்று வருட ஒப்பந்தத்தில் கிடைக்கக்கூடிய உச்சம். ஒரு வருடத்துக்கு, முன்பணம் ஏதும் கட்டாமல் எடுத்தால் தள்ளுபடி அந்த உச்சத்தில் பாதி அளவுக்குத்தான் இருக்கும். இந்தக் கட்டுரைக்கு 37% என்று எடுத்துக்கொள்கிறேன். அதாவது மணிக்கு 6 ரூபாய் 30 காசு.

மூன்றாவது ஸ்பாட். அமேசானிடம் அந்த நேரத்தில் சும்மா கிடக்கும் கணினிகள் இவை. 90% வரை தள்ளுபடி உண்டு. ஆனால் அந்தக் கணினி அமேசானுக்குத் தேவைப்பட்டால் இரண்டு நிமிடம் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும். விலையும் மெல்ல ஏறி இறங்கும். நம் கணக்குக்கு 60% தள்ளுபடி என்று அடக்கமாகவே வைத்துக்கொள்வோம்: மணிக்கு 4 ரூபாய்.

மூன்றிலும் கிடைக்கும் கணினி ஒன்றேதான். வேகத்திலும் நினைவகத்திலும் வித்தியாசம் இல்லை. எவ்வளவு காலத்துக்கு வாக்குக் கொடுக்கிறோம், பாதியில் நின்றால் தாங்குவோமா என்பதற்குத்தான் விலை மாறுகிறது.

அவசர முன்பதிவு

பில்லைப் பார்த்து மலைத்துப்போகும் நிர்வாகி பெரும்பாலும் முதலில் செய்வது, பத்து கணினிகளையும் ஒரு வருடத்துக்கு முன்பதிவு செய்வதுதான். பொத்தானை அழுத்தியதும் 73,000 ரூபாய் 45,990 ரூபாயாக இறங்கிவிடுகிறது. 27,010 ரூபாய் மிச்சம்! புரோகிராமர்கள் ஒரு வரிகூட மாற்றி எழுத வேண்டியதில்லை.

ஆனால் இப்படி வாங்கியது பத்து கணினிகளை அல்ல, பில்லில் விழும் ஒரு தள்ளுபடியை. ஒவ்வொரு மணி நேரமும் அந்தத் தள்ளுபடி, ஓடிக்கொண்டிருக்கும் பொருத்தமான கணினியைத் தேடும். இருந்தால் ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் அந்த மணிக்கான பணம் அப்படியே போய்விடும். அடுத்த மணிக்குச் சேர்த்துவைக்க முடியாது. மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்தவர் ஊருக்குப் போனாலும் அந்த வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கழிவதைப் போலத்தான் இதுவும்.

ஆகவே முன்பதிவு செய்த பிறகு கணினிகளை இரவில் அணைத்துவைத்தால் ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. வீணாக ஓடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து வருடம் முழுக்க வாங்கியாகிவிட்டது. திரும்பக் கொடுப்பதும் எளிதல்ல. பயன்படாத ரிசர்வ்டு ஒப்பந்தங்களைப் பிறருக்கு விற்க அமேசானே ஒரு சந்தை நடத்துகிறது. ஆனால் அங்கே விற்க அமெரிக்க வங்கிக் கணக்கு வேண்டும். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் சிறு நிறுவனத்துக்கு அது பெரும்பாலும் மூடிய கதவுதான். சேவிங்ஸ் பிளானை மட்டும், மணிக்கு 100 டாலருக்கு மிகாத ஒப்பந்தமாக இருந்தால், வாங்கிய ஏழு நாளுக்குள், அதே மாதத்துக்குள் திருப்பித் தரலாம். சிறு நிறுவனங்கள் இந்த விதியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதல் வேலை: அணைப்பது

சரியான வரிசை சுவிட்சிலிருந்து தொடங்குகிறது. சோதனைக் கணினிகள் இரண்டையும் பாருங்கள். புரோகிராமர்கள் வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்வதாக வைத்தாலும் மொத்தம் 72 மணி நேரம். ஒரு வாரத்துக்கோ 168 மணி நேரம். மீதி 96 மணி நேரமும் அவை யாருக்காகவும் இல்லாமல் ஓடுகின்றன.

காலையில் தானாக எழுப்பி இரவில் தானாக அணைக்க ஒரு சிறிய நேர அட்டவணை போதும். அப்படிச் செய்தால் இரண்டுக்குமான 14,600 ரூபாய், ஆன்-டிமாண்ட் விலையிலேயே, ஏறத்தாழ 6,260 ரூபாயாகிவிடும். அதே இரண்டையும் முன்பதிவு செய்திருந்தால் 9,198 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். விலை அதிகமான வழிதான் இங்கே மலிவு. அணைத்திருக்கும்போதும் டிஸ்க்குக்கான கட்டணம் தொடரும் என்பது உண்மை. ஆனால் கணினி வாடகையோடு ஒப்பிட்டால் அது பெரும்பாலும் சிறிய தொகை.

இதிலிருந்து கையில் வைத்துக்கொள்ளத் தக்க ஒரு அளவுகோல் கிடைக்கிறது. 37% தள்ளுபடி என்றால் நாம் 63% கட்டுகிறோம். ஆகவே ஒரு கணினி மொத்த நேரத்தில் 63%க்கு மேல் ஓடினால்தான் முன்பதிவில் லாபம். வாரத்துக்கு ஏறத்தாழ 106 மணி நேரம். நாளுக்கு 15 மணி நேரத்துக்குச் சற்று மேல். அலுவலக நேரத்தில் மட்டும் தேவைப்படும் எந்தக் கணினியும் இந்தக் கோட்டைத் தொடாது.

அடுத்து வலைத்தளத்தின் நான்கு கணினிகள். நான்கு என்ற எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? வைகாசியில், அடுத்தடுத்த முகூர்த்த நாட்களில், மாலை மூன்று மணி முதல் இரவு பதினொன்று வரை உறவினர்கள் படம் பார்க்கும் நெரிசலுக்காக வந்தது. மற்ற நேரங்களில் இரண்டே போதும் என்று சி.பி.யு. வரைபடமே காட்டிவிடும். நெரிசல் கூடும்போது கணினியைச் சேர்த்து, குறையும்போது எடுத்துவிடும் ஆட்டோ ஸ்கேலிங் வசதியை வைத்தால், அந்தக் கூடுதல் இரண்டும் நாளுக்கு எட்டு மணி நேரம்தான் ஓடும். 14,600 ரூபாய் இருந்த இடத்தில் முகூர்த்த மாதத்தில் 4,800 ரூபாய். இவை ஆன்-டிமாண்டாகவே இருக்கட்டும்.

படம் பதப்படுத்தும் மூன்றும் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரைதான் உழைக்கின்றன. பகலில் அணைத்தால் 21,900 ரூபாய் 7,200 ரூபாயாகும். இதுவும் ஆன்-டிமாண்ட் விலையில்தான். ஸ்பாட்டுக்கு நாம் இன்னும் வரவே இல்லை.

இதுவரை எந்த ஒப்பந்தமும் போடவில்லை, எந்தத் தள்ளுபடியும் கேட்கவில்லை. அணைத்தது மட்டும்தான். மிச்சமானது மாதம் 32,840 ரூபாய். பத்தையும் முன்பதிவு செய்திருந்தால் கிடைத்திருக்கும் 27,010 ரூபாயைவிட இது அதிகம்.

ஆடி மாதம் சொல்லும் எண்

இப்போது முன்பதிவுக்கு வருவோம். எத்தனை கணினிகளுக்கு வருட வாக்குக் கொடுக்கலாம்? இந்த நிறுவனத்துக்கு விடை ஆடி மாதத்தில் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் நடக்காது. அந்த மாதங்களில், நள்ளிரவில், யாருமே தளத்துக்கு வராத மணி நேரத்திலும் எது ஓடியே ஆக வேண்டும்? வலைத்தளத்துக்கு இரண்டு, டேட்டாபேஸ் ஒன்று. ஆக மூன்று. முன்பதிவு அந்த மூன்றோடு நிற்க வேண்டும். 21,900 ரூபாய் 13,797 ரூபாயாக இறங்குகிறது. வருடத்தின் எந்த மணி நேரத்திலும் இந்தத் தள்ளுபடி வீணாகாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எவ்வளவு முன்பதிவு செய்யலாம் என்று அமேசானின் செலவுப் பக்கமே பரிந்துரை தரும். அந்தப் பரிந்துரை கடந்த 7, 30 அல்லது 60 நாட்களின் பயன்பாட்டை வைத்துப் போடப்படுவது. ஆனி மாதக் கடைசியில் உட்கார்ந்து அதைப் பார்த்தால், அந்த 60 நாளும் கல்யாண சீசனாகவே இருக்கும். கணினிக்கு ஆடி தெரியாது. உங்கள் தொழிலின் வருட ஓட்டம் உங்களுக்குத்தான் தெரியும். பள்ளிகளுக்கு மென்பொருள் விற்பவருக்கு மே மாதமும், வரிக் கணக்குத் தயாரிப்பவருக்குத் தாக்கல் முடிந்த மாதங்களும் இப்படித்தான். மிக மந்தமான மாதம் எதுவோ, அந்த மாதத்தின் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு தவறு சேவிங்ஸ் பிளான் வாங்கும்போது நடக்கிறது. அதில் கணினியைத் தேர்ந்தெடுப்பதில்லை; “மணிக்கு இவ்வளவு பணம் செலவழிப்பேன்” என்று ஒரு தொகையை எழுதுகிறோம். அந்தத் தொகை தள்ளுபடி போன பிறகு உள்ள விலையில் இருக்க வேண்டும். மூன்று கணினிக்கு 3 × 6.30, அதாவது 18 ரூபாய் 90 காசு. பழைய பழக்கத்தில் 3 × 10 என்று 30 ரூபாய் எழுதிவிட்டால், கிட்டத்தட்ட ஐந்து கணினிகளுக்கு வாக்குக் கொடுத்ததாகிவிடும். அதற்கும் ஆள் இல்லாத இரவுகளில் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

ரிசர்வ்டா, சேவிங்ஸ் பிளானா என்று கேட்டால், சிறு நிறுவனத்துக்கு நான் பெரும்பாலும் சேவிங்ஸ் பிளானையே சொல்வேன், அதுவும் ஒரு வருடத்துக்கு. அதில் இரண்டு வகை உண்டு. ஒரே கணினிக் குடும்பத்தோடு கட்டுப்படுவது ஒன்று. எந்தக் குடும்பத்துக்கும், எந்த ஊர் மையத்துக்கும் பொருந்துவது இன்னொன்று. இரண்டாவதில் தள்ளுபடி கொஞ்சம் குறைவு. அடுத்த பன்னிரண்டு மாதங்களில் கணினி வகையை மாற்ற மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தால் முதல் வகை. இல்லாவிட்டால் இரண்டாவது வகைக்காக விட்டுக்கொடுக்கும் தள்ளுபடி வீண் செலவு அல்ல. மூன்று வருடம் என்பது நீண்ட காலம். அதற்குள் புதிய தலைமுறைக் கணினிகள் வந்துவிடும். தொழிலின் திசையும் மாறலாம்.

பாதியில் நின்றாலும் கெடாத வேலை

ஸ்பாட் கணினியில் எதை வைக்கலாம் என்பதற்கு ஒரே கேள்விதான்: இந்த நிமிடம் கணினி மறைந்துபோனால் என்ன கெடும்? டேட்டாபேஸ் மறைந்தால் தொழிலே நிற்கும். அதை ஸ்பாட்டில் வைக்கவே கூடாது. படம் பதப்படுத்துவது அப்படியல்ல. மூலப் படங்கள் பத்திரமாகச் சேமிப்பகத்தில் இருக்கின்றன. நின்ற வேலையை வேறொரு கணினியில் மறுபடி செய்தால் போதும்.

ஆனால் அதற்கு வேலையைச் சரியாகத் துண்டாக்கியிருக்க வேண்டும். ஒரு கல்யாணத்தின் 3,000 படங்களையும் ஒரே வேலையாகக் கொடுத்து, அது முடிய ஒரு மணி நேரம் ஆகிறது என்று வைப்போம். ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் கணினி பறிபோனால், அத்தனையும் மறுபடி முதலிலிருந்து. அதையே 40, 40 படங்களாகப் பிரித்து வரிசையில் நிறுத்தினால், ஒவ்வொரு துண்டும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முன்னறிவிப்புக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடத்துக்குள் கையில் இருக்கும் துண்டை முடித்துவிட்டு விடைபெறலாம். துண்டின் அளவு இரண்டு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் இங்கே விதி.

முன்னறிவிப்பு மின்னஞ்சலில் தேடி வராது. கணினி தனக்குள்ளிருந்தே ஒரு முகவரியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்:

```
TOKEN=$(curl -s -X PUT "http://169.254.169.254/latest/api/token" \
  -H "X-aws-ec2-metadata-token-ttl-seconds: 21600")
curl -s -H "X-aws-ec2-metadata-token: $TOKEN" \
  http://169.254.169.254/latest/meta-data/spot/instance-action
```

சாதாரண நேரத்தில் 404 என்ற பதில் வரும், ஆபத்தில்லை. முன்னறிவிப்பு வந்துவிட்டால், கணினி நிறுத்தப்படும் நேரம் பதிலில் இருக்கும். ஐந்து நொடிக்கு ஒருமுறை இதைக் கேட்டு, பதில் வந்ததும் புதிய துண்டை எடுக்காமல் நின்றுவிடும்படி புரோகிராமை எழுதினால் போதும்.

அறிவிப்பைத் தவறவிட்டாலும் வேலை தொலையக் கூடாது. வேலைகள் காத்திருக்கும் வரிசைக்கு அமேசானின் SQS போன்ற ஒன்றைப் பயன்படுத்தினால் அதற்கும் வழி இருக்கிறது. ஒரு கணினி துண்டை எடுத்ததும் அது மற்றவற்றின் கண்ணிலிருந்து சற்று நேரம் மறைந்திருக்கும். வேலை முடிந்து, முடிவைச் சேமித்த பிறகுதான் அதை வரிசையிலிருந்து அழிக்க வேண்டும். கணினி நடுவில் செத்துப்போனால், மறைவு நேரம் தீர்ந்ததும் துண்டு தானாக வரிசைக்குத் திரும்பிவரும், வேறொன்று எடுத்துக்கொள்ளும். இந்த மறைவு நேரம் யாரும் மாற்றாவிட்டால் வெறும் 30 நொடி. வேலைக்கு ஒரு நிமிடம் ஆகுமென்றால், முடிவதற்குள்ளேயே இன்னொரு கணினி அதே துண்டைத் தொடங்கிவிடும். ஐந்து நிமிடமாக உயர்த்திவையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் வெளியீட்டுப் பெயர் மாறாமல் இருந்தால், இருமுறை செய்தாலும் பழையதன் மேல் புதியது விழும், அவ்வளவுதான்.

ஸ்பாட்டில் அடிக்கடி அடிபடுபவர்கள் செய்யும் தவறு, மூன்று கணினிகளையும் ஒரே வகையில், ஒரே கட்டடத் தொகுதியில் எடுப்பது. அந்த வகைக்குத் தட்டுப்பாடு வந்தால் மூன்றும் ஒன்றாகப் போய்விடும். `m5.large`, `m5a.large`, `m6i.large`, `m6a.large` என நான்கு வகைகளை, மும்பையின் மூன்று மண்டலங்களிலும் ஏற்பதாகச் சொன்னால், பன்னிரண்டு கிணறுகளில் நீர் இறைக்கலாம். எதிலிருந்து எடுப்பது என்பதற்கு `price-capacity-optimized` என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், விலையோடு கையிருப்பையும் பார்த்து எடுக்கும். மலிவானதை மட்டும் துரத்தும் அமைப்பில் பறிபோவது அதிகம்.

அப்படியும் ஒரு முகூர்த்த இரவில் ஸ்பாட்டே கிடைக்காமல் போகலாம். கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. விடிந்தால் படம் கைக்குப் போக வேண்டும். ஆகவே வரிசையில் மிகப் பழைய துண்டு எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்பதைக் கவனிக்க ஓர் எச்சரிக்கை வையுங்கள். அது ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஆன்-டிமாண்டில் இரண்டு கணினி எழட்டும். அந்த ஓரிரவுக்குக் கூடுதலாக ஆவது நூறு, நூற்றைம்பது ரூபாய். வாடிக்கையாளரை இழப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இப்போது கணக்கு. இரவுக்கு மூன்று கணினி, எட்டு மணி நேரம். பறிபோய் மறுபடி செய்வதற்கு 10% கூட்டினால் 26.4 மணி நேரம். மணிக்கு 4 ரூபாய் வீதம் மாதத்துக்கு ஏறத்தாழ 3,170 ரூபாய். ஆன்-டிமாண்டில் 7,200 ஆகியிருக்கும்.

எது எவ்வளவு கொடுத்தது

முகூர்த்த மாதத்தின் மொத்த பில்லைக் கூட்டிப் பார்ப்போம். சோதனைக்கு 6,260, முன்பதிவு செய்த மூன்றுக்கு 13,797, நெரிசல் நேரக் கூடுதலுக்கு 4,800, ஸ்பாட்டுக்கு 3,170. ஆக 28,027 ரூபாய். 73,000 இருந்த இடத்தில்! ஆடியில் இது இன்னும் இறங்கும். பத்தையும் முன்பதிவு செய்தவரோ ஆடியிலும் அதே 45,990 ரூபாயைக் கட்டிக்கொண்டிருப்பார்.

மொத்தச் சேமிப்பான 44,973 ரூபாயில் முன்பதிவு தந்தது 8,103 ரூபாய். ஸ்பாட் தந்தது 4,030 ரூபாய். மீதி 32,840 ரூபாய், அதாவது ஏறத்தாழ முக்கால் பங்கு, அணைத்ததால் வந்தது. எல்லா நிறுவனத்துக்கும் இதே விகிதம் வராது. இரவெல்லாம், பகலெல்லாம் கணினியை ஓட்டிக் கணக்கிடும் நிறுவனத்தில் ஸ்பாட்டின் பங்குதான் பெரிதாக இருக்கும். ஆனால் எங்கேயானாலும் வரிசை ஒன்றே: வீணாக ஓடுவதை முதலில் நிறுத்த வேண்டும். பிறகு அடிமட்டத் தேவைக்கு மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டும். நின்றாலும் கெடாததை ஸ்பாட்டுக்கு அனுப்ப வேண்டும். மிச்சம் ஆன்-டிமாண்டில் இருக்கட்டும்.

முன்பதிவு செய்த பிறகு மாதம் ஒருமுறை செலவுப் பக்கத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள். வாங்கியதில் எவ்வளவு பயன்பட்டது என்பது ஒன்று. அது 100%ஐ ஒட்டியே இருக்க வேண்டும். 90க்குக் கீழே இறங்கினால் அதிகமாக வாங்கிவிட்டீர்கள். மொத்தப் பயன்பாட்டில் எவ்வளவு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது என்பது மற்றொன்று. அதை 100%ஆக்கத் துடிக்க வேண்டாம். ஏறி இறங்கும் தேவை உள்ள தொழிலில் அது குறைவாக இருப்பதுதான் ஆரோக்கியம்.

கடைசியாக ஒன்று. சேவிங்ஸ் பிளானின் வருடம் முடிந்ததும் கணினிகள் நிற்காது. சத்தமில்லாமல் முழு விலைக்குத் திரும்பிவிடும். நம் மூன்று கணினிக்கு அது மாதம் 8,103 ரூபாய் ஏற்றம். முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அன்றைக்கு பழைய ஒப்பந்தத்தை அப்படியே புதுப்பிக்காமல், கடந்த ஆடியின் எண்ணை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.